கடைசி நாற்பது ரூபாய்

"ஆறு மாதமாக ஒரு சர்வே தளத்தில் கேள்விகளுக்குப் பதில் எழுதி வருகிறேன். ஆயிரம் ரூபாய் சேர்ந்தால்தான் எடுக்க முடியுமாம். 960-ல் நின்றுவிட்டது. இப்போது 299 ரூபாய் சரிபார்ப்புக் கட்டணம் கேட்கிறார்கள். ஆதார், பான் அட்டைப் படங்களையும் ஏற்றிவிட்டேன். கட்டலாமா?"
— ஒரு வாசகி, திண்டுக்கல்

கட்டாதீர்கள். ஆறு மாத உழைப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. ஆனால் 299 கட்டினால் அடுத்து வரி என்றோ கணக்கைத் திறக்க என்றோ இன்னொரு தொகை கேட்பார்கள். உண்மையிலேயே கொடுக்கிறவர்களுக்குக் கட்டணம் வேண்டுமென்றால், உங்களுக்குத் தர வேண்டிய 960-லேயே கழித்துக்கொள்ளலாமே! அதேபோல, பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. பின் போடச் சொன்னால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகிறது.

960-ல் ஏன் நின்றது? ஆரம்பத்தில் ஒரு சர்வேக்கு முப்பது, நாற்பது ரூபாய் ஏறியிருக்கும். எல்லை நெருங்க நெருங்க, பத்து நிமிடம் பதில் எழுதிய பிறகு "இந்த சர்வேக்கு நீங்கள் தகுதியில்லை" என்று வந்திருக்கும். அதற்கு முன்னால் என்ன கேட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் வண்டி இருக்கிறதா, இன்சூரன்ஸ் எந்த மாதம் முடிகிறது, கடன் வாங்கும் எண்ணம் உண்டா, செல்போன் எண் என்ன? இந்த மாதிரி தளங்களுக்கு அந்தப் பதில்கள்தான் சரக்கு. கடன், இன்சூரன்ஸ் விற்பவர்களுக்கு அவற்றைக் கொடுத்துக் காசு பார்ப்பார்கள். நேர்மையான சர்வே நிறுவனங்களும் தகுதியில்லை என்று அனுப்புவது உண்டு, ஆனால் பெரும்பாலும் முதல் சில கேள்விகளிலேயே சொல்லிவிடுவார்கள்.

இப்போது என் கவலை அந்த ஆதாரும் பானும்தான். உங்கள் பான் எண்ணை வைத்து வேறு யாராவது கடன் வாங்கப் பார்க்கலாம். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதை எடுத்து, கடன்களை மட்டும் பார்க்காமல் 'என்கொயரி' பகுதியையும் படியுங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், அந்தக் கடன் நிறுவனத்துக்கும் சிபிலுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையைப் பாருங்கள், ஏனென்றால் புதுக்கடன் பதிவாகச் சில வாரங்கள் ஆகும். அப்புறம் sancharsaathi.gov.in தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை செல்போன் எண்கள் இருக்கின்றன என்று பார்த்து, உங்களுடையது அல்லாததைப் புகார் செய்யுங்கள்.

அந்தத் தளத்தில் போட்ட பாஸ்வேர்டே உங்கள் இமெயிலுக்கும் இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். கணக்கை மூடும் முன் 960 காட்டும் பக்கத்தையும் 299 கேட்ட செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். cybercrime.gov.in-ல் புகார் தரும்போது அவைதான் சான்று. இந்தப் பதில் அச்சாகி வருவதற்குள் பணம் கட்டியிருந்தால், தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.