ராயல்டி 6% மட்டும்தானா?

“ஃபிரான்சைஸ் ஒப்பந்தம் 60 பக்கம் இருக்கு. ராயல்டி 6%, விளம்பர நிதி 2%, எனக்குத் தனி ஏரியா. கையெழுத்துப் போடலாமா?”

கொஞ்சம் பொறுங்கள். அந்த 8 சதவீதத்தை பிராண்ட் கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் லாபத்தில் அல்ல, மொத்த விற்பனையில் எடுப்பார்கள். விற்பனை 100 என்றால் 8 போய்விடும், நஷ்டமான மாதத்திலும்.

அப்புறம் சரக்கு விதி. அவர்கள் காட்டும் சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும் என்றிருந்தால், அதே 100 விற்பனைக்கான சரக்கு, வெளியில் 35க்குக் கிடைப்பது, 40 ஆகலாம். அந்த 5-உம் கட்டணம்தான், பெயர்தான் வேறு. இவை எதுவும் இல்லாமல் உங்களுக்கு 15 மிஞ்சும் என்றால், இப்போது கையில் நிற்பது 2. அதனால் சரக்கு விலைப்பட்டியலைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

நெருக்கடியில் வெளியே வாங்கத் தோன்றும். அங்கேதான் ஒப்பந்த ரத்துப் பகுதி வருகிறது. நோட்டீஸ் கொடுத்துச் சரிசெய்ய 30 நாள் தருகிறார்களா, உடனே ரத்தா? அதே தவறு 12 மாதத்துக்குள் திரும்ப நடந்தால் அவகாசமே கிடையாது என்ற வரியும் பல ஒப்பந்தங்களில் உண்டு, தேடிப் பாருங்கள். ரத்தானபின் அதே தொழிலை எத்தனை வருடம் செய்யக்கூடாது என்பதும் பக்கத்திலேயே இருக்கும்.

தனி ஏரியா என்பது சரி, ஆனால் ஆன்லைன் விற்பனையை அவர்கள் தங்களுக்கென ஒதுக்கிக்கொண்டிருந்தால் உங்கள் தெருவுக்குள்ளேயே அவர்கள் விற்கலாம். அந்த விதிவிலக்கை நீக்கவோ, அதில் உங்களுக்குப் பங்கு தரவோ எழுத்தில் கேளுங்கள்.