நிதியமைச்சர் பேசும் முதலீட்டு வீடியோ போலியா?

நிர்மலா சீதாராமன் ஒரு முதலீட்டுத் திட்டத்தைப் பரிந்துரைக்கும் வீடியோ ஃபேஸ்புக்கில் வருகிறது. போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இது டீப்ஃபேக்: பழைய, உண்மையான பேட்டியில் குரலையும் உதட்டசைவையும் கணினியால் மாற்றுவது. டப்பிங் படம் பார்ப்பதுபோல வாயைக் கவனியுங்கள். ‘ப’, ‘ம’ சொல்ல உதடுகள் ஒட்டியாக வேண்டும். ‘பணம்’ என்னும்போது திறந்தே இருந்தால் போலி. நன்றாகச் செய்த போலியில் இது தெரியாது. ஆனால் உறுதியான லாபம் என்ற பேச்சு மாறாது. பதவியில் இருக்கும் அமைச்சர் எவரும் அப்படி விற்கமாட்டார்.

இணைப்பைத் தொடாமல் விளம்பரத்தைப் புகாரளியுங்கள். பணம் போயிருந்தால், நீங்கள் இருப்பது கடலூரோ புதுச்சேரியோ, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடும், முடக்குவது கடினம்.

முதலில் சிறு லாபம் கைக்கு வந்ததால் திட்டம் உண்மை என்று பலர் நம்புகிறார்கள். அது பெரிய தொகையைப் போடவைக்கும் தூண்டில்.