“என்ன தம்பி, எப்படிப் பாடு?”

கேள்வி: எங்கட ஒழுங்கையில இருக்கிற தம்பி ஒருவருக்கு ஆறு வருசமாப் பார்த்த கடை வேலை போயிற்று. தெரிஞ்ச மாதிரிக் காட்டினா வெக்கப்படுவான் எண்டு நினைச்சு, தேத்தண்ணிக் கடை வாசல்ல கண்டதும் வழமை போலச் சிரிச்சு, “என்ன தம்பி, எப்படிப் பாடு? எல்லாம் சந்தோசம்தானே?” எண்டு கேட்டன். மறுமொழி சொல்லாமப் போயிற்றான். இப்ப என்னைக் கண்டா மற்ற ஒழுங்கையால போறான். நான் என்ன பிழை விட்டன்?
— களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: உங்களுக்கு விசயம் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஒரே ஒழுங்கை, செய்தி அன்று பின்னேரமே வந்திருக்கும். தெரிந்துகொண்டே தெரியாதவர் போலச் சிரித்தால், தன் இழப்பை நீங்கள் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை என்றோ, வாயைக் கிளறிப் பார்க்கிறீர்கள் என்றோதான் அவர் நினைப்பார். உங்கள் நல்லெண்ணம் உங்கள் மனதுக்குள் இருந்தது. அவர் கேட்டது அந்தக் கேள்வியை மட்டும்.

நாம் ஆளைக் கண்டால் கேள்விதான் கேட்கிறோம். “எங்க போறீங்க?”, “வேலை எப்படி?”, “இண்டைக்கு லீவா?” வேலை உள்ளவருக்கு இவை கேள்வியே அல்ல, தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். வேலை போனவருக்கு ஒவ்வொன்றும் உண்மையான கேள்வி. அதுவும் “சந்தோசம்தானே?” என்று கேட்கும்போது பதிலையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். “ஓம்” என்றால் அவர் பொய் சொல்கிறார். “இல்லை” என்றால் கடை வாசலில் நின்ற நாலு பேருக்கு முன்னால் தன் கதையை விரிக்க வேண்டும். இரண்டு வினாடிக்குள் எதைச் சொல்வது? அவர் பேசாமல் போனார். வீட்டிலிருந்து சந்திக்குப் போவதற்குள் இப்படி ஐந்து பேர் கேட்டால், ஆறாவது ஆளைக் காணாமல் இருக்கவே மனம் வழி தேடும்.

அவர் ஒழுங்கை மாறுவதில் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது. மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் விசாரித்து 1973இல் எழுதினார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி காண்போம் என்றவர்கள் ஆறில் ஒரு பங்கினரே. மற்ற எல்லோருக்கும் தகவல் தந்தவர் எப்போதாவது, அல்லது அரிதாகக் காணும் ஆள். அவர் கேட்டது பொஸ்டனுக்கு அருகே உத்தியோகம் பார்த்த சிலரிடம்தான். ஆனாலும் காரணம் இங்கும் பொருந்தும். அந்தத் தம்பியின் வீட்டாருக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும். கல்முனையில் எந்தக் கடையில் ஆள் தேடுகிறார்கள் என்பது வழியில் காணும் உங்களைப் போன்றவருக்குத்தான் தெரியும். அந்த வழியைத்தான் அவர் இப்போது தவிர்க்கிறார்.

அடுத்த முறை பக்கத்தில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, கேள்விக்குறி இல்லாமல் பேசுங்கள்: “தம்பி, அண்டைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வேலை விசயம் கேள்விப்பட்டன். மனசுக்குக் கஷ்டமாயிருந்திச்சு.” அவ்வளவுதான். பிறகு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அந்த மௌனம் நீளமாகத் தெரியும், பலரும் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு “எல்லாம் நன்மைக்குத்தான்”, “கட்டாருக்குப் போகலாமே”, “ஏன் நிப்பாட்டினவங்கள்?” என்று கொட்டிவிடுகிறார்கள். முதலாவது அவர் துக்கத்தை மூடச் சொல்கிறது, இரண்டாவது அவர் யோசிக்காத ஒன்றல்ல, மூன்றாவது விசாரணை. அவர் பேசினால் கேளுங்கள். “ம்” என்று மட்டும் சொன்னால் வயல், மழை என்று பேச்சை மாற்றிவிடுங்கள்.

காணும்போதெல்லாம் “ஏதும் சரிவந்ததா?” என்று கேட்காதீர்கள். “நான் கேட்கமாட்டன், சொல்ல ஏதும் இருந்தா நீ சொல்லு” என்று ஒரு தடவை சொன்னால் போதும். தேத்தண்ணிக்குக் கூப்பிடுவதென்றால் உங்கள் முற்றத்துக்குக் கூப்பிடுங்கள். கடையில் குடித்தால் காசு யார் கொடுப்பது என்ற கணக்கு அவர் தொண்டைக்குள் நிற்கும்.

“ஏதும் தேவையெண்டா சொல்லு” என்பதில் கேட்கும் பாரம் அவர் தலையில்தான் விழுகிறது. அதற்குப் பதிலாக, இரண்டாம் மூன்றாம் சந்திப்பில், நாளும் இடமும் சேர்த்துச் சொல்லுங்கள்: “வியாழக்கிழமை மட்டக்களப்புக்குப் போறன். தொழில் திணைக்களத்தில பணிக்கொடையை விசாரிப்பம், நீயும் வாறியா?” ஆறு வருசம் என்று நீங்கள் எழுதியதால் இதைச் சொல்கிறேன். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடத்தில் ஐந்து வருசம் முடித்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, வருசத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் முதலாளி கொடுக்க வேண்டும். மாதச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் ஆறு வருசத்துக்கு 1,20,000 ரூபாய். வேலை நின்று 30 நாட்களுக்குள் அது கைக்கு வந்திருக்க வேண்டும். அவர் வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். நீங்கள் விசாரித்ததை ஒரு துண்டில் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள், அவருடைய தாயிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்.