ஊரில் இருந்த 40 நாளுக்கும் நான் ஏன் கரண்ட் பில் கட்ட வேண்டும்?

கேள்வி: வேளச்சேரியில் மூன்று பேர் ஒரே ஃபிளாட்டில் இருக்கிறோம். 2025 மே, ஜூனில் அப்பாவின் ஆபரேஷனுக்காக 40 நாள் ஊருக்குப் போயிருந்தேன். ஈபி பில் 540 யூனிட், சுமார் ₹2,400. கூட இருக்கும் பெரியம்மா மகன் என்னிடமும் ₹800 கேட்கிறார். அம்மா, "கொடுத்துவிடு, பேச்சு வேண்டாம்" என்கிறார். கேஷ்பேக் கிடைக்கும் என்று பில்லை என் கிரெடிட் கார்டில்தான் கட்டுவேன்; அவர்கள் திருப்பித் தர ஒரு மாதம் ஆகும். கார்டில் ஏற்கெனவே ₹18,000 பாக்கி.

பதில்: தம்பி, முதலில் பில். நீங்கள் இல்லாதபோதும் ஃபிரிட்ஜும் வைஃபை ரூட்டரும் ஓடியிருக்கும். இரண்டு மாதத்துக்கு அவை ஏறத்தாழ 75 யூனிட், அதாவது ₹330 என்று வையுங்கள். அதை மூன்றாகப் பிரித்தால் தலைக்கு ₹110. மீதி ₹2,070-ஐ ஆள்-நாள் கணக்கில் பிரியுங்கள். அவர்கள் 60, 60, நீங்கள் 20, மொத்தம் 140. ஒரு நாளுக்கு ₹15க்குச் சற்றுக் குறைவு. ஃபிரிட்ஜ் பங்கையும் சேர்த்தால் உங்கள் பங்கு சுமார் ₹406, அவர்களுக்குத் தலா ₹1,000க்குப் பக்கம்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். 2025 கட்டணப்படி, பில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான சலுகை விலை போய்விடும். 480-இல் நின்றிருந்தால் பில் ₹1,700 அளவில்தான் வந்திருக்கும். கடைசி 60 யூனிட்டுக்கு ₹700 போயிருக்கிறது. அந்த ₹700-இலும் உங்களுக்கு ஒரு பங்கு விழுந்திருக்கிறது. ஆனால் பெரியம்மா மகனான அண்ணனிடம் அதைக் கிளற வேண்டாம்.

தண்ணீர்ச் செலவுக்கும் இதே கேள்வி வரும். கேன் தண்ணீர் குடித்தவர்கள் கணக்கு. நீங்கள் இல்லாத நாளுக்கு ஒன்றும் தர வேண்டாம். அசோசியேஷன் வீட்டுக்கு இவ்வளவு என்று பராமரிப்பில் வாங்கும் லாரித் தண்ணீர்ப் பணத்தை மட்டும் சமமாகக் கொடுங்கள். அது ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே தொகைதான்.

ஆனால் இந்த ₹400 வித்தியாசம் உங்களைக் கெடுக்கவில்லை. கார்டுதான் கெடுக்கிறது. பாக்கி வைத்திருக்கும் கார்டில் புதிதாகத் தேய்ப்பதற்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. ஈபி கட்டிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும். மாதம் 3.5% என்றால் ₹2,400க்கு ₹84, அதன் மேல் ஜிஎஸ்டி. ஒரு சதவீத கேஷ்பேக் ₹24! பழைய ₹18,000க்கு மாதம் ₹630 தனி. அந்த கேஷ்பேக் விளம்பரத்தைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

ரீடிங் எடுத்ததும் தொகை தெரிந்துவிடும், கட்டக் கெடுவும் இருக்கிறது. அதற்குள் இருவரும் யூபிஐயில் பங்கை அனுப்பட்டும். பணம் வந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கட்டுங்கள். அண்ணன் இழுத்தடித்தால் அடுத்த பில்லை அவரையே கட்டச் சொல்லி, உங்கள் பங்கை அன்றே அனுப்பிவிடுங்கள். அப்புறம் ஊருக்குக் கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் மீட்டரில் kWh காட்டும் எண்ணைப் படம் எடுத்து குரூப்பில் போடுங்கள். இடையில் எத்தனை யூனிட் ஓடியது என்பதை அம்மாவுக்கும் காட்டலாம்.