டப்பாவைத் திருப்பிக் கொடுக்குமுன் லாகைப் பாருங்கள்

கேள்வி: புதிதாக வாங்கிய ஃபயர்வாலில் தினமும் ஆயிரக்கணக்கில் DENY வரிகள். "தாக்குதல் அதிகம், பெரிய மாடலுக்கு மாறுங்கள்" என்கிறார் விற்றவர். மாறலாமா?

பதில்: வேண்டாம். முதலில் பாக்கெட் போகப் பார்க்கும் முகவரியைக் காட்டும் DST, அங்குள்ள போர்ட்டைக் காட்டும் DPT இரண்டை மட்டும் பாருங்கள். 224.0.0.251-இல் போர்ட் 5353, 239.255.255.250-இல் போர்ட் 1900, 255 என்று முடியும் முகவரியில் போர்ட் 137, 138 என்று இருந்தால் அது வெளியாள் தட்டும் சத்தமில்லை. உங்கள் பிரின்டரும் டிவியும் கணினிகளும் ஒன்றையொன்று தேடிக் கூவுகின்றன, அவ்வளவுதான். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். வெளியிலிருந்து வரும் மிச்சமும் பெரும்பாலும் இணையம் முழுக்க எல்லார் கதவையும் தள்ளிப் பார்க்கும் ஸ்கேன்தான். பெரிய மாடல் வாங்கினாலும் அதே ஸ்கேனைத்தான் மறுக்கும், விலை மட்டும் கூடும்.

கேள்வி: பேக்கப்புக்காக நெட்வொர்க் ஸ்டோரேஜ் வாங்கினேன். முதல் வாரம் நன்றாக ஓடியது. கணினிகளை வேறு சப்நெட்டுக்கு மாற்றிய பிறகு பேக்கப் ஏறவில்லை. ஸ்டோரேஜ் விற்றவர் ஃபயர்வாலைக் கைகாட்டுகிறார், ஃபயர்வால் போட்டவர் ஸ்டோரேஜைக் கைகாட்டுகிறார். லாக் வரிகளையும் ரூல் பட்டியலையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: இரண்டு பேருமே லாகைத் திறந்து பார்க்காமல் உங்களை அலையவிட்டிருக்கிறார்கள். விடை நீங்கள் அனுப்பிய நான்கு வரிகளிலேயே இருக்கிறது. மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கித் தருகிறேன்:

```
10:14:02 DENY IN=eth1 OUT=eth2 SRC=192.168.20.15 DST=192.168.30.8 PROTO=TCP SPT=50412 DPT=445 SYN
10:14:03 DENY ... SPT=50412 DPT=445 SYN
10:14:05 DENY ... SPT=50412 DPT=445 SYN
10:14:09 DENY ... SPT=50412 DPT=445 SYN
```

DPT=445 என்பது ஃபைல் பகிர்வுக்கான போர்ட். SYN மட்டும் இருப்பதால் இது புதிதாகத் தொடங்கப் பார்க்கும் இணைப்பு. அடுத்து, அனுப்பும் கணினியின் போர்ட்டைக் காட்டும் SPT-ஐப் பாருங்கள்: நான்கு வரியிலும் 50412. இடைவெளி 1 நொடி, 2 நொடி, 4 நொடி. பதில் வராத கணினி, ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்கு பொறுத்திருந்து, விட்ட இடத்திலேயே மறுபடி தட்டும்போது இப்படித்தான் பதிவாகும். ஸ்கேன் செய்பவர் பொதுவாக இவ்வளவு பொறுமையாக ஒரே கதவில் நிற்பதில்லை. ஒரு முறை தட்டிவிட்டு அடுத்த போர்ட்டுக்கோ அடுத்த முகவரிக்கோ போய்விடுவார்.

ஆனால் விடாமல் தட்டுகிறது என்பதற்காகவே அதை நம்பிவிடக் கூடாது. வைரஸ் பிடித்த கணினியும் 445-இல் இதேபோல் மறுபடி மறுபடி தட்டும். அதனால் இன்னும் இரண்டைச் சரிபாருங்கள். பேக்கப் தொடங்கும் நேரமும் லாக் நேரமும் ஒத்துப்போகிறதா? DST உங்கள் ஸ்டோரேஜ் ஒன்று மட்டும்தானா? அதே கணினி 30.8, 30.9, 30.10 என்று வரிசையாகப் போயிருந்தால் ரூலைத் தொடவே வேண்டாம், கணினியின் கேபிளைக் கழற்றுங்கள். உங்கள் விஷயத்தில் நேரம் ஒத்துப்போகிறது, போய்ச் சேர வேண்டிய இடமும் ஒன்றே ஒன்று. ஆக இணைப்பு நியாயமானது, ரூல்தான் தப்பு.

எந்த ரூல்? IN, OUT இரண்டும் நிரம்பியிருப்பதால் இந்தப் பாக்கெட் ஃபயர்வாலைக் கடந்து போகப் பார்க்கிறது. லினக்ஸ் அடிப்படையிலான பெட்டி என்பதால் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
iptables -L FORWARD -n -v --line-numbers
```

ஒவ்வொரு ரூலின் முன்னும் pkts என்ற எண்ணிக்கை தெரியும். பேக்கப்பை ஒரு முறை ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். 445-ஐ அனுமதிக்கும் ரூலில் எண் நகரவில்லை என்றால் அந்த ரூலில் ஒரு பாக்கெட்கூடப் பொருந்தவில்லை என்று பொருள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் அந்த ரூல் 192.168.10.0/24-ஐ அனுமதிக்கிறது. கணினிகளோ 20-க்குக் குடிபோய்விட்டன. வீடு மாறியவர் முகவரியை மாற்றிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

```
iptables -I FORWARD 1 -i eth1 -o eth2 -p tcp -s 192.168.20.15 -d 192.168.30.8 --dport 445 -j ACCEPT
```

-I போட்டு மேலே செருகுவதற்குக் காரணம் உண்டு. ரூல்கள் மேலிருந்து கீழாகத்தான் பார்க்கப்படும், மறுப்பு ரூலுக்குக் கீழே சேர்த்தால் பயனில்லை. திரும்பி வரும் பதிலுக்கு ESTABLISHED ரூல் ஏற்கெனவே இருக்க வேண்டும், உங்கள் பட்டியலில் இருக்கிறது. இந்தக் கட்டளை பெட்டியை ரீபூட் செய்தால் போய்விடும். வேலை செய்வது உறுதியானதும் நிரந்தர அமைப்பிலும் சேர்த்துவிடுங்கள்.

பிறகு DENY வரி நின்று, pkts எண் ஏறி, அப்போதும் பேக்கப் ஏறவில்லை என்றால் ஸ்டோரேஜுக்குள் போய்ப் பாருங்கள். அதிலும் அனுமதிப் பட்டியல் இருக்கலாம், அங்கேயும் பழைய சப்நெட்டே எழுதியிருக்கலாம். அதையும் மாற்றி உதவவில்லை என்றால் விற்றவரிடம் போங்கள்.

கேள்வி: ஒரு சாஃப்ட்வேர் ஓடவில்லை என்று எல்லாவற்றையும் ALLOW செய்தேன். இப்போது ஓடுகிறது. அப்படியே விடலாமா?

பதில்: அப்படியானால் ஃபயர்வாலை எதற்கு வாங்கினீர்கள்?

கேள்வி: வேகத்துக்காக இரண்டாவது ரவுட்டர் வாங்கிச் சேர்த்தேன். அன்றிலிருந்து லாகில் SPT=443, கடைசியில் ACK SYN என்று மறுப்புகள். சில தளங்கள் திறப்பதில்லை. ரவுட்டர் மட்டமா?

பதில்: ரவுட்டர் நல்லதுதான், பாதையைத்தான் சிக்கலாக்கிவிட்டீர்கள். ACK SYN என்பது கேள்வியல்ல, பதில். உங்கள் கணினி அனுப்பிய SYN புதிய ரவுட்டர் வழியாகப் போயிருக்கிறது, பதில் பழைய ஃபயர்வால் வழியாக வந்திருக்கிறது. கேள்வியையே பார்க்காத ஃபயர்வால் பதிலை எப்படி உள்ளே விடும்? மறுப்பது சரிதான். இதற்காக ஒரு போர்ட்டையும் திறக்காதீர்கள். கணினிகளின் டீஃபால்ட் கேட்வேயைச் சரிசெய்து, போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாகும்படி செய்யுங்கள்.

அதே SPT=443-இல் ACK FIN அல்லது RST என்று எப்போதாவது ஒரு வரி வந்து, தளங்களும் ஒழுங்காகத் திறந்தால் விட்டுவிடலாம். முடிந்துபோன இணைப்பின் கடைசிப் பாக்கெட் தாமதமாக வந்திருக்கிறது.

கேள்வி: ஃபயர்வால் வாங்கும்போது லாகில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: என் பணம் போனது இதில்தான். ஒரு பெட்டி வாங்கினேன். 'இன்று இத்தனை அச்சுறுத்தல்கள் தடுக்கப்பட்டன' என்று வட்டப்படம் மட்டும் காட்டியது. SPT இல்லை, ஃப்ளாக் இல்லை, மறுத்தது எந்த ரூல் என்றும் இல்லை. மேலே இருக்கும் ஸ்டோரேஜ், ரவுட்டர் கடிதங்களில் ஒன்றுக்குக்கூட அந்தப் பெட்டியை வைத்துப் பதில் சொல்லியிருக்க முடியாது. தடுத்ததை எண்ணிக் காட்டுவது விற்கிறவருக்கு வசதி. எதை, ஏன் தடுத்தது என்று காட்டுவதுதான் வாங்கியவருக்கு வேண்டியது. அந்த விவரத்தைத் தனிச் சந்தா கட்டினால்தான் திறப்போம் என்பவர்களை நான் மன்னிப்பதாக இல்லை. பணம் கொடுக்குமுன் ஒரு DENY வரியை முழுதாகக் காட்டச் சொல்லுங்கள். நொடி வரை நேரம், இரண்டு முகவரி, இரண்டு போர்ட், IN, OUT, TCP ஃப்ளாக், ரூலின் பெயர் அல்லது எண் எல்லாம் இருக்க வேண்டும். லாகுக்கு வேகக் கட்டுப்பாடு உண்டா என்றும் கேளுங்கள். லினக்ஸ் ஃபயர்வால் கருவியான ufw-வின் வழக்கமான அமைப்பில் முதல் 10 வரிக்குப் பிறகு நிமிடத்துக்கு 3 வரிதான் எழுதப்படும். அது தெரியாமல் 'மூன்றுதானே வந்திருக்கிறது' என்று இருந்துவிடக் கூடாது.

கேள்வி: பழைய கேமரா ஒன்றை, புதிது போலவே பெட்டியில் போட்டு விற்றார்கள். அது UDP 123-க்கும், பல வெளி முகவரிகளில் TCP 23, 2323-க்கும் போக முயல்வதாக மறுப்புகள் வருகின்றன. எதைத் திறந்துவிடுவது?

பதில்: UDP 123 கடிகாரம் சரிபார்க்க. நல்ல கேமராவாக இருந்தால் அதை ஒரே ஒரு நேர சர்வருக்கு மட்டும் திறந்துவிடலாம், இல்லாவிட்டால் பதிவுகளில் நேரம் தப்பாக விழும். 23, 2323 வேறு கதை. 2016-இல் பரவிய மிராய் என்ற மால்வேர் இந்த இரண்டு போர்ட்களில்தான் அடுத்த இரையைத் தேடியது. கேமராவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆஃப் செய்து ஆன் செய்தால் மிராய் நினைவகத்திலிருந்து போய்விடும், ஆனால் பழைய பாஸ்வேர்ட் அப்படியே இருந்தால் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். அதைச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளாதீர்கள். இப்போதே நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, லாக் வரிகளை அச்செடுத்து, பில்லோடு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.