கூட்டத்துக்கு முந்தின ராத்திரி வந்த போர்டு பேப்பர் செல்லுமா?

"ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் நாங்கள் நான்கு டைரக்டர்கள். காலாண்டு போர்டு மீட்டிங் 18ஆம் தேதி. நோட்டீஸும் அஜெண்டாவும் 10ஆம் தேதியே ஈமெயிலில் வந்துவிட்டன. ஆனால் படிக்க வேண்டிய 80 பக்க ஃபைல் 17ஆம் தேதி ராத்திரிதான் வந்தது. எம்.டி.யின் மனைவிக்குச் சொந்தமான குடோனை வாடகைக்கு எடுப்பது அஜெண்டாவில் இல்லை, அந்த ஃபைலுக்குள் இருந்தது. நான் எதிர்த்தும் மூன்று பேர் ஓட்டில் பாஸ் செய்துவிட்டார்கள். இது செல்லுமா?"

நோட்டீஸில் குறை சொல்ல முடியாது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், பிரிவு 173, குறைந்தது 7 நாள் கேட்கிறது. அனுப்பிய நாளையும் கூட்டத்து நாளையும் தள்ளிவிட்டு எண்ணினால் 11 முதல் 17 வரை சரியாக ஏழு. இதையே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பியிருந்தால் இன்னும் இரண்டு நாள் சேர்த்திருக்க வேண்டும்.

ஃபைல் கதை வேறு. போர்டு கூட்டங்களுக்கான எஸ்.எஸ்-1 தரநிலைப்படி அஜெண்டா குறிப்புகளும் ஏழு நாள் முன்னதாகவே கைக்கு வந்திருக்க வேண்டும். அவசரம் என்றால் நாளைக் குறைக்கலாம், ஆனால் குடோன் வாடகையில் அப்படி என்ன அவசரம்? இருந்தாலும் இதை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். அஜெண்டாவில் இல்லாத விஷயத்தைக்கூட தலைவர் அனுமதியும் வந்திருப்பவர்களில் பெரும்பான்மையின் சம்மதமும் இருந்தால் எடுக்கலாம், நான்கில் மூன்று பேர் அவர்கள் பக்கம்.

உங்கள் பலம் பிரிவு 188இல் இருக்கிறது. எம்.டி.யின் மனைவி சட்டப்படி தொடர்புடைய நபர், அவரிடம் குத்தகை எடுக்க போர்டு கூட்டத்தில் தீர்மானம் வேண்டும். அதற்கான விதி 15, அவர் பெயர், உறவு, குத்தகைக் காலம், முக்கிய நிபந்தனைகள், கொடுக்கும் அட்வான்ஸ், வாடகையை எப்படி நிர்ணயித்தார்கள் என்பதையெல்லாம் அஜெண்டாவிலேயே சொல்லச் சொல்கிறது. இங்கே அந்த விஷயமே அஜெண்டாவில் இல்லை. முறையான ஒப்புதல் இல்லாத ஒப்பந்தத்தை மூன்று மாதத்துக்குள் அங்கீகரிக்காவிட்டால் போர்டு அதை ரத்து செய்யலாம். ஆனால் அந்த அதிகாரம் போர்டுக்குத்தான், தனி டைரக்டருக்கு இல்லை. அவர்கள் தரப்பில், இது வழக்கமான வியாபாரம், வெளியாருக்குக் கொடுக்கும் அதே வாடகைதான், ஆகவே 188 பொருந்தாது என்பார்கள். அதனால் பக்கத்துக் குடோன்களின் வாடகை விவரத்தை இப்போதே திரட்டி வையுங்கள்.

அப்புறம் மினிட்ஸ். கூட்டம் முடிந்து 15 நாளுக்குள் அதன் வரைவு உங்களுக்கு வர வேண்டும், வந்ததும் ஏழு நாளுக்குள் பதில் எழுதுங்கள். "குடோன் குத்தகைக்கு நான் எதிர்ப்புத் தெரிவித்தேன். விதி 15 கேட்கும் விவரங்கள் அஜெண்டாவில் இல்லை, குறிப்பு 17ஆம் தேதி இரவுதான் கிடைத்தது. என் பெயருடன் இதைப் பதிவு செய்து, முழுக் குறிப்போடு அடுத்த கூட்டத்தில் மீண்டும் வைக்கவும்" என்று ஈமெயிலில் அனுப்பினால் போதும். அந்த 17ஆம் தேதி மெயிலை நேரம் தெரியும்படி சேமித்து வையுங்கள், பின்னால் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் வரை போக நேர்ந்தால் முதலில் கேட்கப்போவது அதுவும் மினிட்ஸும்தான்.