அறிமுகம் கேட்கும்போது நண்பரின் வேலையைக் குறைப்பது எப்படி?

“நண்பரின் முன்னாள் மேலாளரிடம் பேச வேண்டும். அறிமுகப்படுத்தும்படி நண்பரிடம் எப்படிக் கேட்பது?”

இருவரையும் அறிந்த ஒருவர், தம் நற்பெயரைப் பிணையாக வைத்து ஒருவரை மற்றவரிடம் சேர்த்துவிடுவதே அறிமுகம். நண்பர்கள் அதைத் தள்ளிப்போடுவதற்குப் பெரும்பாலும் மனமின்மை காரணமன்று. உங்களைப் பற்றி என்ன எழுதுவது என்று அவர்கள் யோசிக்க வேண்டியிருப்பதே காரணம். ஆகவே, அவர் அப்படியே அனுப்பிவிடக்கூடிய தனி மின்னஞ்சல் ஒன்றை நீங்களே எழுதிக் கொடுங்கள்: “நான்கு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், தணிக்கைப் பணிக்கு மாறுவது குறித்துத் தங்களிடம் 15 நிமிடம் தொலைபேசியில் பேச விரும்புகிறேன்.” முகவரி எழுதித் தபால்தலையும் ஒட்டிய கடிதத்தைப் பெட்டியில் போடச் சொல்வது போன்றது இது. நண்பருக்கான நலவிசாரிப்பை அதில் கலந்தால், அவர் வெட்டித் திருத்த வேண்டியிருக்கும் (அங்கேதான் பல அறிமுகங்கள் நின்றுபோகின்றன).

கைப்பேசி எண்ணை மட்டும் கேட்பதே சிறிய உதவி என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், மேலாளரின் சம்மதமின்றி எண்ணைத் தரவேண்டிய சங்கடத்தில் நண்பரைத் தள்ளுவதால் அதுவே பெரிய உதவி.